40 பிப் ஏறியும் 80 டாலர் வராதது ஏன்? ஒரே டிரேடில் பிப், லாட், லெவரேஜ்

கேள்வி: டெமோ கணக்கில் 1,000 டாலர், லெவரேஜ் 1:100 வைத்துப் பழகுகிறேன். புதன்கிழமை மாலை EURUSD 0.20 லாட் வாங்கி, வியாழன் காலை முடித்தேன். சார்ட்டில் 1.08500-இல் இருந்து 1.08900 வரை, 40 பிப் ஏறியிருக்கிறது. பிப்புக்கு 2 டாலர் என்று பார்த்தால் 80 டாலர் வரவேண்டும், வந்தது 73.40. ஹிஸ்டரியில் வாங்கிய விலை 1.08512 என்று இருக்கிறது. மீதி எங்கே போனது? லெவரேஜை 1:500 ஆக்கினால் இதே டிரேடில் ஐந்து மடங்கு லாபம் வரும் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா?

பதில்:

காணாமல் போன 6.60 டாலரில் 2.40 ஸ்பிரெட், 4.20 ஸ்வாப். நண்பர் சொல்வது பாதி சரி. ஐந்து மடங்கு வர வழி இருக்கிறது, ஆனால் அதைத் தருவது லெவரேஜ் அல்ல. ஏன் என்பது உங்கள் டிரேடையே அடியில் இருந்து போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் லாட். கரன்சியில் 1 லாட் என்பது ஜோடியில் முதலில் நிற்கும் நாணயத்தின் 1,00,000 அலகுகள். EURUSD-இல் முதலில் நிற்பது யூரோ. ஆகவே 0.20 லாட் என்றால் 20,000 யூரோ. உங்கள் கணக்கில் இருப்பது 1,000 டாலர்தான் என்றாலும், நீங்கள் வாங்கியது 20,000 யூரோ மதிப்புள்ள பொசிஷன். வாங்கிய விலையில் அதன் மதிப்பு 20,000 × 1.08512 = 21,702.40 டாலர். இந்த எண்ணை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பிப். யூரோ-டாலரில் நான்காவது தசம இடம், அதாவது 0.0001, ஒரு பிப். ஒரு யூரோ 1.0850 டாலரில் இருந்து 1.0851 ஆனால், கையில் ஒரு யூரோ வைத்திருப்பவருக்குக் கிடைப்பது ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. 20,000 யூரோ வைத்திருப்பவருக்கு 20,000 × 0.0001 = 2 டாலர். நீங்கள் சொன்ன 'பிப்புக்கு 2 டாலர்' இதுதான், அது சரியே. 1 லாட்டுக்கு 10 டாலர், 0.01 லாட்டுக்கு 10 சென்ட்.

விலையில் ஐந்தாவதாக ஒரு இலக்கம் இருக்கிறதே, அது பிப்பில் பத்தில் ஒரு பங்கு. டிரேடிங் மென்பொருளான மெட்டாடிரேடர் அதை 'பாயின்ட்' என்கிறது. இந்த ஒரு சொல்லால் அடிபடுகிறவர்கள் ஏராளம். நட்டம் ஒரு அளவைத் தொட்டதும் டிரேடைத் தானாக மூடும் ஸ்டாப் லாஸை 25 பிப் தள்ளி வைக்க நினைத்து, பாயின்ட் கேட்கும் இடத்தில் 25 என்று போட்டால் அது 2.5 பிப். விலை சும்மா மூச்சு விட்டாலே அந்த ஸ்டாப் அடித்துவிடும். அங்கே 250 என்று போட வேண்டும்.

இப்போது நீங்கள் தவறவிட்ட இடம். சார்ட்டில் ஓடும் கோடு பிட் விலை, அதாவது நீங்கள் விற்றால் கிடைக்கும் விலை. வாங்கும்போது நீங்கள் கொடுப்பது ஆஸ்க் விலை. நீங்கள் வாங்கிய நேரத்தில் சார்ட் 1.08500 காட்டியது, ஆனால் உங்களுக்குக் கிடைத்தது 1.08512. இடையில் இருக்கும் 1.2 பிப்தான் ஸ்பிரெட். விற்கும்போது பிட் விலையிலேயே விற்பதால், முடித்த விலை சார்ட்டில் பார்த்த அதே 1.08900. ஆக உங்களுக்குக் கிடைத்த நகர்வு 40 பிப் அல்ல, 38.8 பிப்.

```
(1.08900 - 1.08512) * 20000 = 77.60
```

இந்த ஒரு வரிதான் முழு லாப நட்டக் கணக்கு. வாங்கினால் 'முடித்த விலை கழித்தல் வாங்கிய விலை'. முதலில் விற்றிருந்தால் அதைத் திருப்பிப் போடவேண்டும். அதை அலகுகளால் பெருக்கினால் விடை விலையில் இரண்டாவதாக நிற்கும் நாணயத்தில், இங்கே டாலரில், வந்துவிடும். பிப் என்பதே இந்தப் பெருக்கலை வாயால் சொல்லச் சுலபமாக வைத்துக்கொண்ட ஒரு அலகு, அவ்வளவுதான். குழப்பம் வரும்போதெல்லாம் பிப்பை மறந்துவிட்டு இந்த வரிக்குத் திரும்புங்கள், தப்பு வராது.

ஆர்டர் போட்ட அடுத்த நொடியே Profit என்ற இடத்தில் −2.40 தெரிந்திருக்கும். 1.2 பிப்பை 2 டாலரால் பெருக்கிய தொகை அது. மெட்டாடிரேடரின் MT5 பதிப்பில் சார்ட் மேல் F8 அழுத்தி, ஆஸ்க் விலைக் கோட்டைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டால், இரண்டு கோடுகளும் கண்ணுக்கு முன்னால் ஓடும். ஸ்பிரெட் எப்போதும் 1.2 ஆகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி, நியூயார்க் மூடும் வேளையில், அது பல மடங்கு விரியும். அந்த நேரத்தில், விற்ற பொசிஷனுக்கு வைத்த ஸ்டாப், சார்ட்டில் விலை அங்கே போகாமலேயே அடிக்கும். விற்றவரின் ஸ்டாப் ஆஸ்க் விலையில்தான் வேலை செய்கிறது என்பதே காரணம். 'புரோக்கர் ஏமாற்றிவிட்டான்' என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான்.

77.60 வரை வந்துவிட்டோம். உங்களுக்கு வந்தது 73.40. மிச்சம் 4.20. இதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: புதன் மாலை வாங்கி வியாழன் காலை முடித்தீர்கள்.

யூரோ-டாலர் வாங்குவது என்றால், டாலரைக் கடன் வாங்கி யூரோவை வைத்திருப்பது என்று பொருள். டாலர் வட்டி யூரோ வட்டியை விட அதிகமாக இருக்கும் காலத்தில், இரவு தாண்டி வைத்திருந்தால் அந்த வித்தியாசம் உங்களிடம் பிடிக்கப்படும். புரோக்கரும் அதன்மேல் தன் பங்கைச் சேர்ப்பார். இதுதான் ஸ்வாப். Market Watch பட்டியலில் EURUSD மேல் வலது கிளிக் செய்து Specification திறந்தால் Swap long என்று ஒரு எண் இருக்கும். உங்கள் தொகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது −7.0 பாயின்ட் என்று வருகிறது. ஒரு இரவுக்கு 7 × 0.00001 × 20,000 = 1.40 டாலர்.

ஒரே இரவுதானே வைத்திருந்தேன், 1.40 தானே போகவேண்டும் என்று கேட்பீர்கள். புதன் இரவுக்கு மட்டும் மூன்று நாள் வட்டி. ஸ்பாட் கரன்சியில் இன்று போட்ட டிரேடுக்குப் பணம் கைமாறுவது இரண்டு வேலை நாள் கழித்து. புதன்கிழமை டிரேடுக்கு அது வெள்ளி. அதை ஒரு நாள் தள்ளினால் அடுத்த வேலை நாள் திங்கள். இடையில் சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. தள்ளிவைக்கும் நேரம் நியூயார்க் மாலை 5 மணி. இந்தியாவில் கோடைக்காலத்தில் வியாழன் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது 1.40 × 3 = 4.20 கழிக்கப்பட்டது. ஹிஸ்டரியில் Profit 77.60 என்றும் Swap −4.20 என்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கும், பாருங்கள். 77.60 − 4.20 = 73.40. கணக்கு முடிந்தது.

(சில கணக்கு வகைகளில் ஸ்பிரெட் மிகக் குறைவாக இருக்கும், பதிலுக்கு லாட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுப்பார்கள். உங்களுடையதில் கமிஷன் இல்லை, இருந்தால் வந்த தொகை 73.40-ஐ விடவும் குறைந்திருக்கும்.)

இதுவரை போட்ட கணக்கை ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள். 1:100 என்ற எண் எங்காவது வந்ததா? ஒரு இடத்திலும் இல்லை. லாபத்தைத் தீர்மானித்தவை மூன்றுதான்: விலை எவ்வளவு நகர்ந்தது, எத்தனை யூரோ, எத்தனை இரவு. லெவரேஜ் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது: இந்தப் பொசிஷனைத் திறக்க உங்கள் பணத்தில் எவ்வளவு முடக்கி வைக்கவேண்டும்?

முடக்கும் அந்தத் தொகைதான் மார்ஜின். 21,702.40 ÷ 100 = 217.02 டாலர். இது கட்டணம் அல்ல, டிரேடை முடித்ததும் திரும்பி வந்துவிடும் பிணைத்தொகை. அதே 0.20 லாட்டை 1:500-இல் வாங்கியிருந்தால் 43.40 டாலர் முடங்கியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஆகஸ்ட் முதல் சில்லறை வாடிக்கையாளருக்கு முக்கிய ஜோடிகளில் உச்சவரம்பு 1:30. அங்கே என்றால் 723.41 முடங்கும். மூன்றிலும் லாபம் அதே 73.40. விலை 40 பிப் இறங்கியிருந்தால் நட்டமும் மூன்றிலும் ஒன்றே.

அப்படியென்றால் நண்பரின் ஐந்து மடங்கு எங்கிருந்து வருகிறது? 1:500-இல் அதே 217.02 டாலர் பிணையில் 1.00 லாட் வாங்க முடியும். 1,08,512 ÷ 500 = 217.02. பிப்புக்கு 10 டாலர். 38.8 பிப்புக்கு 388, ஸ்வாப் 21 போக 367 டாலர். 73.40-இன் சரியாக ஐந்து மடங்கு. ஆனால் இதைத் தந்தது 0.20-ஐ 1.00 ஆக்கியது. லெவரேஜ் செய்ததெல்லாம் அதற்குக் கதவைத் திறந்துவிட்டதுதான்.

கதவு திறந்த பிறகு நட்டப் பக்கம் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால்தான் முழுக்கதை. பெரும்பாலான தளங்களில் ஸ்டாப் அவுட் என்று ஒரு மட்டம் உண்டு. உங்கள் ஈக்விட்டி, முடங்கிய மார்ஜினில் 50 சதவீதமாகக் குறைந்தால் பொசிஷனைத் தானாகவே மூடிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். (சில இடங்களில் 20, சில இடங்களில் 100. உங்கள் கணக்கின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஈக்விட்டி என்பது கணக்கில் உள்ள பணத்தோடு திறந்திருக்கும் டிரேடின் லாப நட்டத்தைக் கூட்டியது.

உங்கள் டிரேடில் மார்ஜின் 217.02, பாதி 108.51. ஈக்விட்டி 1,000-இல் இருந்து அங்கே வர 891.49 டாலர் நட்டம் ஆகவேண்டும். பிப்புக்கு 2 டாலர் வீதம் அது சுமார் 446 பிப். யூரோ 1.0405 பக்கம் வரை விழவேண்டும். அதற்குப் பொதுவாகப் பல வாரங்கள் பிடிக்கும். நண்பரின் 1.00 லாட்டிலும் மார்ஜின் அதே 217.02, தாங்கக்கூடிய நட்டமும் அதே 891.49. ஆனால் பிப்புக்கு 10 டாலர் என்பதால் 89 பிப்பில் முடிந்துவிடும். 1.0762 வந்தால் பொசிஷன் மூடப்பட்டு, கணக்கில் மிஞ்சுவது சுமார் 108 டாலர்தான். அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வரும் வெள்ளிக்கிழமை மாலையில், இந்திய நேரம் ஆறு அல்லது ஏழு மணிக்கு, யூரோ-டாலர் அவ்வளவு தூரம் போவதும் உண்டு.

இதில் ஆளை ஏமாற்றும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திரையில் Margin Level என்று ஒரு சதவீதம் தெரியும், ஈக்விட்டியை மார்ஜினால் வகுத்தது. உங்கள் டிரேடைத் திறந்ததும் அது 997.60 ÷ 217.02, அதாவது சுமார் 460 சதவீதம் காட்டியிருக்கும். நண்பரின் டிரேடில் 988 ÷ 217.02, சுமார் 455. இரண்டும் திரையில் ஒரே மாதிரி பாதுகாப்பாகத் தெரியும். ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு ஆபத்தானது. அந்த எண் புரோக்கரின் பாதுகாப்பைச் சொல்கிறது, உங்களுடையதை அல்ல.

உங்களுக்கான எண், முன்பு மனதில் வைக்கச் சொன்ன 21,702-இல் இருக்கிறது. அதைக் கணக்கில் உள்ள பணத்தால் வகுங்கள்: 21,702 ÷ 1,000 = 21.7. இதுதான் நீங்கள் நிஜத்தில் எடுத்த லெவரேஜ். யூரோ ஒரு சதவீதம் நகர்ந்தால் உங்கள் கணக்கு 21.7 சதவீதம் நகரும். நண்பரின் வழியில் இது 108.5. அங்கே யூரோ ஒரு சதவீதம் இறங்குவதற்கு முன்பே ஸ்டாப் அவுட் வந்துவிடுகிறது. கணக்கில் எழுதியிருக்கும் 1:100, 1:500 எல்லாம் அதிகபட்ச அனுமதி மட்டுமே. வண்டியின் மீட்டரில் 160 வரை எழுதியிருப்பதும் நீங்கள் 60-இல் ஓட்டுவதும் போல.

ஆகவே லாட்டைத் தீர்மானிக்க லெவரேஜில் இருந்து தொடங்கவே கூடாது. நட்டத்தில் இருந்து தொடங்கவேண்டும். இந்த டிரேட் தப்பினால் 20 டாலர், அதாவது 2 சதவீதம், போகட்டும் என்று முடிவு செய்கிறீர்கள் என்று வைப்போம். சார்ட்டைப் பார்த்து ஸ்டாப்புக்குச் சரியான இடம் வாங்கும் விலைக்கு 25 பிப் கீழே என்று தெரிகிறது. 20 ÷ 25 = பிப்புக்கு 0.80 டாலர். 1 லாட்டுக்குப் பிப் 10 டாலர் என்பதால், 0.08 லாட். நீங்கள் எடுத்த 0.20-இல் அதே ஸ்டாப் 50 டாலரை, கணக்கில் 5 சதவீதத்தைக் கொண்டுபோயிருக்கும். பலர் செய்வது இதற்கு நேர் எதிர்: முதலில் லாட்டைப் போட்டுவிட்டு, நட்டம் தாங்காமல் ஸ்டாப்பை நெருக்கிக் கொண்டுவருவார்கள். ஸ்டாப் நிற்கவேண்டிய இடத்தைச் சார்ட் முடிவு செய்யவேண்டும், மாறவேண்டியது லாட்.

இந்த 'பிப்புக்கு 10 டாலர்' யூரோ-டாலர், பவுண்ட்-டாலர் போல டாலர் இரண்டாவதாக நிற்கும் ஜோடிகளுக்கு மட்டும். USDJPY-இல் ஒரு பிப் என்பது 0.01. 0.20 லாட் என்றால் 20,000 டாலர், பிப் மதிப்பு 200 யென். விலை 150.00 என்றால் 200 ÷ 150 = 1.33 டாலர். விலை மாறினால் இதுவும் மாறும். யூரோவில் பழகிய லாட்டை அப்படியே தங்கத்துக்கு, அதாவது XAUUSD-க்குக் கொண்டுபோவது இன்னும் மோசம். அங்கே 1 லாட் பெரும்பாலும் 100 அவுன்ஸ். தங்கம் ஒரு டாலர் நகர்ந்தால் 0.20 லாட்டில் 20 டாலர். Specification-இல் Contract size என்ன என்று பார்த்துவிட்டு மேலே உள்ள அதே ஒரு வரிக் கணக்கைப் போடுங்கள்.

ஸ்டாப் வைத்துவிட்டால் நட்டம் அதோடு நின்றுவிடும் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்டாப் அடிக்கும்போது அது சந்தை ஆர்டராக மாறுகிறது, அந்த நேரத்தில் எந்த விலை இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடமாட்டோம் என்று 2011 செப்டம்பரில் இருந்து சொல்லிவந்த சுவிஸ் மத்திய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று அந்தத் தடுப்பைத் திடீரென எடுத்தது. EURCHF சில நிமிடங்களில் 1.00-க்கும் கீழே போனது. இடையில் வாங்க ஆளே இல்லை. உங்களைப் போல 0.20 லாட் வாங்கி 1.1990-இல் ஸ்டாப் வைத்திருந்த ஒருவருக்கு 1.00-இல் முடிந்திருந்தால், 1.20-இல் இருந்து 2,000 பிப், பிப்புக்கு 2 பிராங்க், நட்டம் 4,000 பிராங்க். 1,000 டாலர் கணக்கு மைனஸில் போய்விடும். அன்று பல வாடிக்கையாளர்கள் அப்படிக் கடனாளியானார்கள். லண்டனில் இருந்த அல்பாரி யூகே நிறுவனம் அந்த அடியில் திவாலானது. மைனஸ் பாக்கி வராத பாதுகாப்பு உங்கள் கணக்கில் இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். ஐரோப்பாவின் 2018 விதிகளில் அது கட்டாயம், எல்லா நாட்டிலும் அப்படி அல்ல.

டெமோ என்று சொன்னதால் ஒன்று. நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்றால், வெளிநாட்டு ஆன்லைன் புரோக்கரிடம் பணம் போட்டு இதே டிரேடை நிஜமாகச் செய்ய அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. அனுமதி பெறாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. இங்கே அனுமதி உள்ளது என்எஸ்இ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளில். அங்கே டாலர்-ரூபாய் ஒரு லாட் 1,000 டாலர், விலையின் மிகச்சிறிய நகர்வு 0.0025 ரூபாய், அதன் மதிப்பு லாட்டுக்கு 2.50 ரூபாய். 10 லாட் வாங்கி விலை 12 பைசா ஏறினால் 0.12 × 10,000 = 1,200 ரூபாய், அதில் இருந்து தரகும் வரியும் போகும். ரூபாய் ஜோடிகளில் டிரேட் செய்ய, ஈடுகட்டவேண்டிய நிஜமான அந்நியச் செலாவணித் தேவை உங்களுக்கு இருக்கவேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2024-இல் மீண்டும் வலியுறுத்தியதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெமோவில் அடுத்த புதன்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். 0.08 லாட் வாங்கி, வியாழன் காலை வரை வையுங்கள். திறக்கும் முன்பே ஸ்பிரெட், ஸ்வாப், மார்ஜின், ஸ்டாப் அடித்தால் வரும் நட்டம் நான்கையும் காகிதத்தில் எழுதிவிட்டு, மறுநாள் ஹிஸ்டரியோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரெட் 1.2 பிப்பாகவும், ஸ்வாப்பும் விலையும் இப்போதைய அளவிலும் இருந்தால் 0.96, 1.68, 86.81, 20 என்று வரவேண்டும்.